கூடாரத்தின் ஒன்பதாவது விளிம்பு

என் வகுப்பறைச் சுவரில் ஓர் அட்டவணை தொங்குகிறது. வெள்ளை பிரிஸ்டல் அட்டையில் நீல மையால் நானே எழுதியது. திண்மங்களின் பெயர்கள் ஒரு நிரலில், அவற்றின் முகங்கள், விளிம்புகள், உச்சிகள் எத்தனை என்பது அடுத்த மூன்று நிரல்களில். அதன் நடுவில் இரண்டு இடங்களில் சிறிய காகிதத் துண்டுகள் ஒட்டியிருக்கும். வகுப்புக்கு வருகிற எல்லோரும் அந்த ஒட்டுகளைத்தான் முதலில் பார்ப்பார்கள். புதிதாக ஒன்று எழுதி மாட்டுங்கோவன் என்று பள்ளிக்கூட அதிபர் இரண்டு தரம் சொல்லிவிட்டார். நான் மாட்டவில்லை. காரணத்தைச் சொன்னால் எனக்கு வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறேன்.

நெடுங்கேணியிலிருந்து உள்ளே போகும் கிரவல் வீதியில், காட்டோரமாக இருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். தரம் நான்கு என் பொறுப்பு. அந்த வருடம் இருபத்து மூன்று பிள்ளைகள். எல்லோருக்கும் ஒன்பது வயது, வாய் மட்டும் தொண்ணூறு. அரைச்சுவர் வைத்த வகுப்பு என்பதால் காற்றும் நாயும் மாடும் கேட்டுக்கேள்வியின்றி வந்து போகும். பின்பக்கம் பாலை மரங்கள். அவற்றில் குரங்குகள். மரம் அவற்றுடையதா பள்ளிக்கூடத்துடையதா என்பது இன்னும் தீராத வழக்கு.

நான் கொஞ்சம் கோபக்காரி. பிள்ளைகளை அடிப்பதில்லை, ஆனால் குரல் உயர்ந்துவிடும். அதைவிட மோசமான இன்னொரு பழக்கமும் இருக்கிறது: என் கையெழுத்தில் எனக்குப் பெருமை அதிகம். அந்த அட்டவணையை எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எடுத்தேன். கோடுகளுக்குச் சிவப்பு, எண்களுக்கு நீலம். மேலே கண்ணாடித்தாள் ஒட்டி, நான்கு மூலைக்கும் ஆணி அடித்து மாட்டினேன். அது மூன்று வருடமாகச் சுவரில் இருந்தது. முந்தின வருடம் மேற்பார்வைக்கு வந்த ஆசிரிய ஆலோசகர் அதைப் பார்த்துவிட்டு, 'கற்பித்தல் சாதனங்கள் நேர்த்தியாக உள்ளன' என்று பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். அந்த வரியை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று கேட்காதீர்கள்.

இனி, இந்தக் கதைக்குரிய பிள்ளை. இரண்டாம் தவணைத் தொடக்கத்தில் வந்தவள். மலையகத்திலிருந்து அவளுடைய தாயும் தகப்பனும் இங்கே மாமன் வீட்டோடு குடிவந்திருந்தார்கள். மாமன் குடும்பம் வந்து கனகாலம், கச்சானும் உழுந்தும் பயிரிடுகிறவர்கள், அவர்களுடைய பேச்சில் இந்த ஊர் கலந்துவிட்டது. பிள்ளையின் பேச்சில் கலக்கவில்லை. வந்த முதல் நாள் "புக்க மறந்துட்டேங்க ரீச்சர்" என்றாள். பின் வரிசை வாங்கில் இருந்த யாரோ அதை அப்படியே திருப்பிச் சொல்ல, வகுப்பே சிரித்தது. நான் அதட்டினேன், சிரிப்பு நின்றது. பிள்ளையின் பேச்சும் அதோடு நின்றுபோனது.

அதற்குப் பிறகு இரண்டு மாதமாக அவளிடமிருந்து எனக்குக் கிடைத்தது தலையாட்டல்தான். கேள்வி கேட்டால் கொப்பியைத் திருப்பிக் காட்டுவாள். விடை சரியாக இருக்கும். ஆனால் வாய் திறக்காது. கூட இருந்து கதைத்துப் பார்த்தேன், பாட்டுப் பாடச் சொன்னேன், பெயர்ப்பதிவு கூப்பிடும் வேலையைக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. அந்தத் தவணை முடியுமுன் இந்தப் பிள்ளையின் குரலை வகுப்பில் ஒரு தரமாவது கேட்டுவிடவேண்டும் என்று மனதுக்குள் சபதம் எடுத்திருந்தேன். கேட்டதும் நடந்தது, கேட்ட கையோடு அதை நானே அடைத்ததும் நடந்தது.

திண்மங்கள் பாடம் தொடங்கியது ஒரு புதன்கிழமை. நெடுங்கேணிக் கடைகளில் வெறும் பிஸ்கற் பெட்டிகள் கேட்டு வாங்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தேன். ஐந்து குழுக்கள், குழுவுக்கு ஒரு திண்மம். ஆறு முகமும் சதுரமான சதுரமுகி ஒரு குழுவுக்கு, நீட்டுப் பெட்டியான கனவுரு ஒரு குழுவுக்கு, நான்கு முக்கோணம் சேர்ந்த நான்முகி ஒரு குழுவுக்கு. நான்காவது குழுவுக்கு முக்கோண அரியம். இரண்டு பக்கமும் முக்கோணம், நடுவில் மூன்று செவ்வகம். பிள்ளைகள் அந்தப் பெயரை ஒரு நிமிடம்கூட வாயில் வைத்திருக்கவில்லை. பார்த்தவுடன் "கூடாரம்" என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. ஐந்தாவது குழுவுக்குச் சதுரக் கூம்பகம். அடியில் ஒரு சதுரம், மேலே நான்கு முக்கோணம் சேர்ந்து ஒரு கூர். அது "கோபுரம்" ஆனது.

முதலில் வலையுருவை வரையவேண்டும். திண்மத்தைப் பிரித்துத் தட்டையாக விரித்தால் எப்படி இருக்குமோ அதுதான் வலையுரு. பெட்டி மட்டையின் உட்பக்கம் வெறும் மண்ணிறமாக இருக்கும், அதில் வரைந்தார்கள். பிஸ்கற் படம் உள்ள பக்கம் வெளியே வரவேண்டும் என்பதில் ஐந்து குழுவுக்கும் ஒரே பிடிவாதம். ஒட்டுவதற்குக் கோதுமை மாவில் பசை காய்ச்சி, ஒரு பழைய பால்மாத் தகரத்தில் கொண்டுவந்து வைத்தேன்.

முதல் நாள் பெரிய கூத்து. மட்டைகளை ஒட்டுவதற்கு ஓரத்தில் ஒரு மடல் விட்டு வெட்டவேண்டும். நான் அதைச் சொல்ல, பிள்ளைகள் எல்லா ஓரத்திலும் மடல் வைத்து வெட்டிவிட்டார்கள். மடலும் மடலும் முட்டி, ஒன்றும் மூடவில்லை. சதுரமுகிக் குழுவின் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"ரெண்டு ஓரம் ஒண்டோட ஒண்டு சேருமெல்லோ? அதில ஒரு ஓரத்துக்கு மட்டும்தான் மடல். மற்றதுக்கு வேண்டாம்."

"எந்த ஓரத்தோட எந்த ஓரம் சேருமெண்டு வெட்டுறதுக்கு முன்னமே எப்பிடித் தெரியும் ரீச்சர்?" கோபுரக் குழுவில் இருந்த ஒரு வாயாடிப் பெடியன் கேட்டான். பிள்ளை வந்த முதல் நாளில் அவளைப் பழிப்புக் காட்டியவனும் இவன்தான் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

"யோசிச்சுப் பார்" என்றேன். பதில் கைவசம் இல்லாதபோது ஆசிரியர்கள் சொல்வது அது.

வியாழன் முழுவதும் வெட்டினார்கள், பிழைவிட்டார்கள், திரும்ப வெட்டினார்கள். முதலில் ஒழுங்காக மூடியது கூடாரம்தான். மடல்கள் ஐந்தே ஐந்து. எல்லாம் வேண்டிய இடத்தில், ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. அந்தக் குழுவில் வரைந்தது நம் பேசாத பிள்ளை. "வடிவாச் செய்திருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு அடுத்த குழுவுக்குப் போய்விட்டேன். எப்படிச் செய்தாய் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை எண்ணும் நாள். ஒவ்வொருவர் கொப்பியிலும் என் அட்டவணையைப் போலவே கட்டம் கீறி, தங்கள் திண்மத்தைக் கையில் எடுத்து, முகம், விளிம்பு, உச்சி மூன்றையும் எண்ணி நிரப்பவேண்டும். முகத்தைத் தடவிப் பார், விளிம்பில் விரலை ஓடவிடு, உச்சியைத் தொட்டால் குத்தும் என்று சொல்லிக் கொடுத்தேன். வகுப்பு முழுக்கத் தடவலும் முணுமுணுப்புமாக இருந்தது. சிலர் மேசையில் படிந்திருக்கும் அடிமுகத்தை எண்ண மறந்தார்கள். தூக்கிப் பார் என்றேன். நான் மேசைக்கு மேசை நடந்து சரி போட்டுக்கொண்டே வந்தேன். சதுரமுகி ஆறு, பன்னிரண்டு, எட்டு. கனவுரு ஆறு, பன்னிரண்டு, எட்டு. நான்முகி நாலு, ஆறு, நாலு.

கோபுரக் குழுவில் ஐந்து, ஒன்பது, ஐந்து என்று எழுதியிருந்தார்கள். நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். ஐந்து, ஒன்பது, ஐந்து. "வெரி குட்" என்று பெரிய சரியாகப் போட்டேன். வாயாடிப் பெடியன் கொஞ்சம் முழித்த மாதிரி இருந்தது. அவன் எப்போதும் அப்படித்தான் முழிப்பான், நான் பொருட்படுத்தவில்லை.

கூடாரக் குழுவில் பிள்ளையின் கொப்பியில் ஐந்து, ஒன்பது, ஆறு என்று இருந்தது. சுவரில் ஐந்து, எட்டு, ஆறு.

"விளிம்பு எட்டு. ஒண்டை ரெண்டு தரம் எண்ணிப்போட்டாய். திரும்ப எண்ணு."

அவள் கூடாரத்தை எடுத்தாள். ஒரு விரலால் ஒவ்வொரு விளிம்பாகத் தடவினாள். இரண்டு பக்க முக்கோணத்திலும் மூன்று மூன்று, அவற்றை இணைக்கிற நீளமானவை மூன்று. பிறகு திருப்பிப் பிடித்து இன்னொரு தரம். பிறகு நிமிர்ந்து, இரண்டு மாதத்தில் முதல் தரமாக, வகுப்பு முழுவதுக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னாள்.

"ஒம்போது ரீச்சர்."

நான் நின்று மகிழ்ந்திருக்க வேண்டிய இடம் அது. ஆனால் இடைவேளை மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது, இன்னும் கொப்பிகள் இருந்தன, பசைத் தகரம் யாரோ காலில் பட்டுக் கவிழ்ந்து ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"சுவர்ச் சாட்டில என்ன கிடக்கு? வாசி."

அவள் சுவரைப் பார்த்தாள். "எட்டு" என்றாள். இந்தமுறை பக்கத்தில் இருந்தவளுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"அப்ப எட்டெண்டு எழுது." என் மேசையிலிருந்து அழிறப்பரை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

அவள் அழித்தாள். சும்மா அழிக்கவில்லை, ஒன்பது இருந்த அடையாளமே தெரியாதபடி அழித்து, துகளை ஊதிவிட்டு, எட்டு என்று எழுதி, கொப்பியைத் திருப்பிக் காட்டினாள். நான் சரி போட்டேன். இடைவேளைக்குப் பிறகு வந்து பார்த்தபோது பென்சிலைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். மிச்ச நேரம் முழுவதும் அப்படியே இருந்தாள்.

சனிக்கிழமை உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது அந்த "ஒம்போது" ஒரு தரம் காதில் விழுந்தது. ஒரு காகிதத்தை மடித்துப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். மடிக்கவில்லை. மூன்று வருடம் சுவரில் இருந்தது பிழையாக இருக்குமா என்ற திமிர்தான், வேறென்ன.

திங்கட்கிழமை காலை வகுப்பு வாசலில் பிள்ளைகளின் கூச்சல். ஓடிப்போனேன். பின் வாங்கில் வரிசையாக வைத்திருந்த திண்மங்கள் ஒன்றையும் காணவில்லை. நிலமெல்லாம் மட்டைத் துண்டு. சதுரமுகி கூரைத் தகரத்தின் மேல் கிடந்தது. பாலை மரத்தின் கிளையில் ஒரு பெரிய குரங்கு நான்முகியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு உச்சியைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிழை எங்களுடையதுதான். வெளியே பிஸ்கற் படம், உள்ளே பிஸ்கற் வாசம், ஒட்டியிருப்பது கோதுமை மா. இதைவிட ஒழுங்காகக் குரங்குக்கு யாரும் விருந்து வைக்கமுடியாது. பிள்ளைகளுக்கோ அளவில்லாத சந்தோசம். "நான்முகியில இப்ப மூண்டு உச்சிதான் ரீச்சர், ஒண்டைத் திண்டிட்டுது!" என்று வாயாடிப் பெடியன் கத்தினான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை ஆலோசகர் வருகிறார்.

"எல்லாத்தையும் பொறுக்குங்கோ. இண்டைக்கே திரும்பச் செய்வம்" என்று சொல்லிவிட்டு நானும் குனிந்து பொறுக்கினேன். வாங்கின் கீழே கூடாரம் கிடந்தது. கிழியவில்லை. குரங்கு பசையை நக்கி நக்கி, மடல் மடலாகக் கழற்றி, பத்திரமாக விரித்து வைத்துவிட்டுப் போயிருந்தது. நடுவில் மூன்று செவ்வகம் வரிசையாக, நடுச் செவ்வகத்தின் இரண்டு பக்கமும் முக்கோணம். வெட்டி எடுத்த வலையுரு திரும்ப வந்துவிட்டது. மண்ணிற உட்பக்கம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

அதில் பென்சிலால் எண்கள் எழுதியிருந்தன.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மடிக்கிற கோடுகள் நான்கு, அவற்றில் 1, 2, 3, 4. பிறகு சுற்றியிருக்கும் ஓரங்கள். ஒரு ஓரத்தில் 5, தூரத்தில் இன்னோர் ஓரத்திலும் 5. இங்கே 6, அங்கேயும் 6. இப்படி 7, 8, 9, ஒவ்வொன்றும் இரண்டு தரம். சோடியாக இருந்த ஒவ்வொன்றிலும் ஒரு ஓரத்துக்கு மடல் இருந்தது, மற்றதற்கு இல்லை. வெட்டுவதற்கு முன்னமே எந்த ஓரம் எதனோடு சேரும் என்று எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு, என்னிடம் இல்லாத பதில், இந்தப் பெட்டிக்குள் இருட்டில் இருந்திருக்கிறது. நான் கையாலேயே மடித்துப் பார்த்தேன். ஐந்தும் ஐந்தும் வந்து சேர்ந்தன. ஆறும் ஆறும் சேர்ந்தன. கடைசியாக ஒன்பதும் ஒன்பதும்.

நான்கு மடிப்பு, ஐந்து ஒட்டு. ஒன்பது.

சுவரைப் பார்த்தேன். என் அழகான கையெழுத்தில் எட்டு.

முதலில் வந்தது கோபம்தான், அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. அடுத்து வந்தது அதைவிடக் கேவலம். அட்டவணையைக் கழற்றி ஒளித்துவிட்டு, அதையும் குரங்கு கிழித்துவிட்டது என்று ஆலோசகரிடம் சொன்னால் என்ன? குரங்கு வந்து மறுக்கப்போகிறதா? உண்மையாகவே ஒரு மூலையின் ஆணியில் கையை வைத்துவிட்டேன். அப்போதுதான் பின்னால் பார்த்தேன். பிள்ளை கொஞ்சம் தள்ளி நின்று, நான் கையில் வைத்திருந்த மட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆணியை விட்டுவிட்டேன். எல்லோரையும் இருக்கச் சொன்னேன்.

"நான் ஒரு பிழை விட்டிட்டன்" என்றேன். விரித்த கூடாரத்தைத் தூக்கிக் காட்டி, அவர்களுக்கு முன்னால் மடித்து, எண்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். "கூடாரத்துக்கு விளிம்பு ஒன்பது. நான் சாட்டில எட்டெண்டு எழுதியிருக்கிறன். இந்தப் பிள்ளை சரியாச் சொன்னவா. நான் கேக்கேல்லை, அழிக்கச் சொன்னனான். அது என்ர பிழை."

பிறகு ஒரு சின்ன வெள்ளைத் துண்டு வெட்டி, நீல மைப் பேனையோடு அவளிடம் கொடுத்தேன். அவள் பெரிதாக 9 எழுதி, கதிரையில் ஏறி, என் எட்டின் மேல் ஒட்டினாள். கண்ணாடித்தாளில் நன்றாக ஒட்டவில்லை, உள்ளங்கையால் கனநேரம் அழுத்திப் பிடித்தாள். நான் கை தட்டினேன், எல்லோரும் தட்டினார்கள். ஆனால் அவள் கதிரையை விட்டு இறங்கவில்லை.

"என்ன பிள்ளை?"

விரலை ஒரு வரி கீழே இறக்கிக் காட்டினாள். கோபுரத்தின் வரி. அதில் ஒன்பது என்று இருந்தது.

அடியில் நாலு, மேலே கூருக்குப் போகிறது நாலு. எட்டு. இரண்டு வரியின் விளிம்புகளையும் நான் மாற்றி எழுதியிருக்கிறேன். மூன்று வருடமாக, மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு.

"அப்ப நீங்கள் எப்பிடி ஒன்பது எண்ணினியள்?" என்று கோபுரக் குழுவைக் கேட்டேன்.

வாயாடிப் பெடியன் எழுந்தான். "எட்டுத்தான் ரீச்சர் வந்தது. சாட்டில ஒன்பதெண்டு கிடந்தது. ஒண்டு காணேல்லையே எண்டு தேடினாங்கள். அடிப்பக்கத்தில பிஸ்கற் பெட்டியின்ர பழைய மடிப்பு ஒண்டு இருந்தது. அதையும் சேத்திட்டம்."

அதற்குத்தான் நான் 'வெரி குட்' போட்டேன்.

நான் பிள்ளையிடம் திரும்பினேன். "உனக்கு இதுவும் பிழையெண்டு வெள்ளிக்கிழமையே தெரியுமோ?"

தலையாட்டினாள்.

"ஏன் சொல்லேல்லை?"

கீழே பார்த்தாள். சொல்லமாட்டாள் என்றுதான் நினைத்தேன். பிறகு, கோபமே இல்லாத குரலில், நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"ஒன்னு சொன்னதுக்கே அழிறப்பர் குடுத்தீங்களே ரீச்சர்."

யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய பேச்சை யாரும் திருப்பிச் சொல்லவுமில்லை. என் மேசையில் கிடந்த அழிறப்பரை எடுத்து அவள் கையில் வைத்தேன். "இனி இது உன்னட்டையே இருக்கட்டும்" என்றேன். இன்னொரு வெள்ளைத் துண்டையும் வெட்டிக் கொடுத்தேன்.

அன்று முழுவதும் திண்மங்களைத் திரும்பச் செய்தோம். ஐந்து குழுவும் அவளுடைய வழியைப் பிடித்துக்கொண்டன. வெட்டுமுன் வரைந்து, சேர்கிற ஓரங்களுக்கு ஒரே எண் போட்டு, எண்ணுக்கு ஒரு மடல். ஒரு பெட்டியும் வாயைப் பிளக்கவில்லை. அவளுக்குத்தான் ஓய்வில்லை. "இங்க வந்து பார்", "எனக்கு எட்டு ரெண்டிடத்தில வருதில்லை" என்று வாங்குக்கு வாங்கு இழுத்தார்கள். வாயாடிப் பெடியனும் இழுத்தான். அவள் கதைக்கவேண்டி வந்தது, வேறு வழியிருக்கவில்லை. இந்தமுறை பசையில் வேப்பிலையை அரைத்துக் கலந்தேன். பின்னேரம் எல்லாவற்றையும் அதிபரின் அலுமாரியில் வைத்துப் பூட்டினோம்.

செவ்வாய்க்கிழமை ஆலோசகர் வந்தார். நல்ல மனுசன், ஆனால் முகத்தில் சிரிப்பு வர நேரமெடுக்கும். திண்மங்களைக் கையில் எடுத்துப் பார்த்தார். வேப்பிலை மணக்குதே என்றார். பிறகு அட்டவணைக்கு முன்னால் போய் நின்றார்.

"என்ன ரீச்சர், போன முறை நல்ல வடிவா இருந்தது. ஏன் ஒட்டுப் போட்டனீங்கள்?"

"போன முறையும் அது பிழைதான் சேர். ரெண்டு வரியை மாத்தி எழுதிப்போட்டன். இந்தப் பிள்ளைதான் பிடிச்சது."

போன முறை புத்தகத்தில் என்ன எழுதினார் என்பது அவருக்கும் நினைவு வந்திருக்கவேண்டும். ஒரு தரம் செருமினார். பிறகு மெல்லிய குரலில் எனக்கு ஒரு வழி சொன்னார். முகங்களையும் உச்சிகளையும் கூட்டி இரண்டைக் கழித்தால், இந்தத் திண்மங்கள் எல்லாவற்றுக்கும் விளிம்பு வந்துவிடுமாம். ஐந்தும் ஆறும் பதினொன்று, இரண்டு போனால் ஒன்பது. ஐந்தும் ஐந்தும் பத்து, இரண்டு போனால் எட்டு. எனக்கு அது அன்றுதான் தெரியும். இரண்டு பேரும் முந்தின வருடமே கூட்டிப் பார்த்திருக்கலாம். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். அட்டவணையின் முதல் இரண்டு வரிகளைக் காட்டினார். "சதுரமுகிக்கும் ஆறு, பன்னிரண்டு, எட்டு. கனவுருவுக்கும் ஆறு, பன்னிரண்டு, எட்டு. ரெண்டும் வேற வேற வடிவம். எப்பிடி ஒரே கணக்கு வரும்? உங்கட ரீச்சர் ஒண்டைப் பாத்தே மற்றதையும் எழுதிப்போட்டாவோ?" என்றார். பகிடிக்குத்தான் கேட்டார். இருபத்து மூன்று தலையும் ஒரே பக்கம் திரும்பியது, பிள்ளை இருந்த பக்கம்.

அவள் எழுந்தாள். சுவரைப் பார்க்கவில்லை.

"எண்ணிப் பாத்துட்டுச் சொல்றேங்க சேர்" என்றாள், பின் வாங்கு வரைக்கும் கேட்கும்படி.

நேரே மேசைக்குப் போனாள். கனவுருவை எடுத்தாள். முகங்களை உள்ளங்கையால் தொட்டாள், விளிம்புகளில் விரலை ஓட்டினாள், உச்சிகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள், வாய்விட்டு எண்ணிக்கொண்டே. பிறகு சதுரமுகியையும் எடுத்து அப்படியே செய்தாள். அவசரப்படவில்லை. ஆலோசகர் கடிகாரத்தைப் பார்த்தார், அவள் பார்க்கவில்லை. ஆறு, பன்னிரண்டு, எட்டு என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மூன்று வருடம் நன்றாகத் தெரிந்திருந்ததுதானே அந்த எட்டும்.

இரண்டு பெட்டியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"பெட்டிய நீட்டுறதால எண்ணிக்கை கூடாது சேர். ரெண்டும் ஒன்னுதான்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, நான் கொப்பிகளுக்குச் சரி போடுகிற அதே முகத்தோடு சொன்னாள்.

"இத சரியாத்தான் எழுதியிருக்கீங்க ரீச்சர்."